நெல் ஆதரவு விலை: அரசுக்கு எவ்வளவு, விவசாயிக்கு எவ்வளவு?

ஆசிரியருக்கு வணக்கம்.

நெல் கொள்முதல் பற்றிய கட்டுரையில், ஆதரவு விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொள்முதல் அளவால் பெருக்கி, அந்தத் தொகைதான் அரசின் செலவு, அதுவே விவசாயியின் லாபமும் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டும் ஒரே தொகை அல்ல. இரண்டுமே அந்தப் பெருக்கலில் கிடைக்காது.

2024-25 பருவத்தில் சாதா ரக நெல்லுக்கு மத்திய அரசு வைத்த விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய். தமிழக அரசு அதற்கு மேல் கொடுத்த 105 ரூபாயைக் கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று இங்கே சேர்க்கவில்லை. மற்ற எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆதரவு விலையே இல்லாவிட்டால் நெல் 2,000 ரூபாய்க்குப் போகும், 100 லட்சம் குவிண்டால் விற்கும் என்போம். விலை 2,300 ஆனதும் வியாபாரிகளும் ஆலைகளும் 92 லட்சத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விவசாயிகளோ 106 லட்சம் விளைவிக்கிறார்கள். மிஞ்சும் 14 லட்சம் குவிண்டாலை அரசு வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால் 2,300 நிற்காது.

அரசு கொடுப்பது 300 ரூபாய் வித்தியாசத்தை அல்ல, முழு 2,300 ரூபாயை. 14 லட்சம் குவிண்டாலுக்கு 322 கோடி. உங்கள் கணக்குப்படி இது வெறும் 42 கோடி.

விவசாயி பக்கம் பிழை வேறு விதமானது. அரசிடம் விற்றவருக்கு மட்டுமல்ல, வியாபாரியிடம் விற்றவருக்கும் 2,300 கிடைக்கிறது. பழைய 100 லட்சம் குவிண்டாலுக்கும் தலா 300 ரூபாய் கூடுதல் என்றால் 300 கோடி. புதிதாக விளைந்த 6 லட்சத்துக்கு முழு 300 ரூபாயையும் லாபமாகச் சேர்க்கக் கூடாது. 2,000 ரூபாய் விலையில் கட்டுபடியாகாது என்று தரிசாக விட்ட நிலத்தில் விளைந்த நெல் அது. அதற்குச் செலவு அதிகம். அந்தச் செலவு 2,000த்திலிருந்து 2,300 வரை சீராக ஏறுவதாகக் கொண்டால், சராசரியாகக் குவிண்டாலுக்கு 150 ரூபாய்தான் நிற்கும். அது 9 கோடி. ஆக விவசாயிகளின் லாபம் 309 கோடி. இதில் 276 கோடி, அந்த 92 லட்சம் குவிண்டாலை வாங்கியவர்கள் கூடுதலாகக் கொடுத்த பணம். கடைசியில் அது வெளிச்சந்தையில் அரிசி வாங்கும் குடும்பத்தின் தலையில்தான் விழும். அரசின் செலவை மட்டும் வைத்துத் திட்டத்தை எடைபோட்டால் இந்தத் தொகை கண்ணில் படாமலே போய்விடும்.

வாங்கிய நெல் என்ன ஆகிறது என்பதையும் சேர்த்தால்தான் வரிப்பணக் கணக்கு முடியும். 100 கிலோ நெல்லுக்கு 67 கிலோ பச்சரிசி என்பது அரசு வைத்திருக்கும் அரவை அளவு. அதன்படி நெல் விலை மட்டுமே கிலோ அரிசிக்கு 34 ரூபாய்க்கு மேல் வருகிறது. 2025 ஜனவரியில் இந்திய உணவுக் கழகத்தின் அரிசி எத்தனால் ஆலைகளுக்குக் கிலோ 22.50 ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டது. நம் 14 லட்சம் குவிண்டால் நெல்லை அரைத்து அந்த விலைக்கே விற்றால் 211 கோடி திரும்பும், 111 கோடி போய்விடும். சாக்கு, அரவைக் கூலி, லாரி, கிடங்கு வாடகை, வட்டி எல்லாம் அதற்கு மேல். அதே அரிசியை உள்ளூர்ச் சந்தையில் இறக்கினால் இதைவிட நல்ல விலை வரலாம். ஆனால் தாங்கிப் பிடிக்க நினைத்த நெல் விலை சரியும், மறுபடி அரசே இன்னும் வாங்க வேண்டியிருக்கும். ரேஷனுக்குப் போகும் அரிசியை இப்படி நட்டமென்று எழுதக் கூடாது. அது உணவு மானியம், அதற்குத் தனிக் கணக்கு வேண்டும்.

இன்னொன்று: 309 கோடி என்பது அறிவித்த விலை முழுதாகக் கைக்கு வந்தால்தான். அந்த 2,300 ரூபாய் விலைப்படி கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டைக்கு 920 ரூபாய். மூட்டைக்கு ஒரு கிலோ கூடுதலாக நிறுத்தால் 23 ரூபாய் போச்சு. மூட்டைக்கு 40 ரூபாய் கையிலும் வாங்கினால், குவிண்டாலுக்கு இரண்டரை மூட்டை என்ற கணக்கில் 157.50 ரூபாய் கழிகிறது. கூடுதலாக வந்திருக்க வேண்டிய 300 ரூபாயில் பாதிக்கு மேல் அங்கேயே கரைந்துவிடும். அறுவடை நேரத்தில் மழை பெய்து ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நிலைமை இன்னும் மோசம். நெல்லைக் களத்தில் கொட்டிக் காத்திருக்க முடியாதவர் வியாபாரி சொல்லும் விலைக்குத் தள்ளிவிடுகிறார். அவருக்கு 2,300 என்பது செய்தித்தாளில் பார்த்த எண் மட்டுமே.

ஆகவே அடுத்த முறை மாவட்டவாரிக் கொள்முதல் அளவை வெளியிடும்போது, அதே வாரத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் நெல் போன விலையையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள். கொள்முதல் நடக்கும்போதே அந்த விலை ஆதரவு விலைக்குக் கீழே கிடந்தால், வியாபாரியிடம் விற்ற நெல்லுக்கும் 300 ரூபாய் கூடுதல் என்று நான் போட்ட கணக்கையும் அந்த மாவட்டத்துக்குத் திருத்த வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மன்னார்குடி