பிரூஷ்-பேகன் சோதனையை வாயிற்காவலனாக நிறுத்தாதீர்கள்

ஆய்வேடுகளை மதிப்பிடும் குழுவினருக்கு,

வணக்கம். பிழைகளின் சிதறல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்க்க, பல மதிப்பீட்டுக் குழுக்கள் ஒரே விதியைத்தான் சொல்கின்றன. பிரூஷ்-பேகன் சோதனை செய். P மதிப்பு 0.05-க்கு மேல் வந்தால் வழக்கமான திட்டப்பிழை, கீழே வந்தால் ரோபஸ்ட் திட்டப்பிழை. இந்த விதியைக் கைவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஒரு சிறிய கணக்கு. பயிற்சி பெற்றவர்கள் 4 பேர், பெறாதவர்கள் 16 பேர். முதல் குழுவின் மதிப்பெண்ணில் திட்டவிலக்கம் 5, இரண்டாவதில் 2.5. சராசரிகளின் வித்தியாசம் 4. பயிற்சியை 0/1 மாறியாக வைத்து ரெக்ரஷன் ஓட்டினால் கெழுவும் 4 என்றே வரும். வழக்கமான திட்டப்பிழை 1.71, t மதிப்பு 2.34, p சுமார் 0.03. பயிற்சிக்குப் பலன் உண்டு என்று எழுதிவிடலாம்.

இப்போது சோதனை. எச்சங்களின் வர்க்கத்தை அவற்றின் சராசரியால் வகுத்து, பயிற்சி மாறியின் மேல் மறுபடி ஒரு ரெக்ரஷன். அதில் விளக்கப்பட்ட வர்க்கத்தொகையில் பாதிதான் சோதனை எண். இங்கே அது 3.73. கை-வர்க்க அட்டவணையின் எல்லை 3.84. p 0.053, அதாவது தேர்ச்சி! உங்கள் விதிப்படி 1.71 அப்படியே நிற்கும்.

ஆனால் ஒரு குழுவின் திட்டவிலக்கம் மற்றதைப் போல இரு மடங்கு என்பது கண்ணுக்கே தெரிகிறது. சோதனை அதைத் தவறவிட்டதற்குக் காரணம், இருபது பேரை வைத்துக்கொண்டு அதற்குத் திறன் போதவில்லை என்பதுதான். 'சமமின்மை நிரூபணமாகவில்லை' என்பதை 'சமம்தான்' என்று விதி படித்துக்கொள்கிறது. திட்டப்பிழை மிக மோசமாக ஏமாற்றுவது சிறிய மாதிரிகளில். சோதனை கண்ணை மூடிக்கொள்வதும் அங்கேதான்.

ரோபஸ்ட் திட்டப்பிழையின் வகைகளில் ஒன்றான HC3 முறையில் அதே கெழுவின் திட்டப்பிழை 2.96. t 1.35, p 0.19. முடிவே தலைகீழ்.

எங்கிருந்து வந்தது இந்த வித்தியாசம்? வழக்கமான சூத்திரம் இரு குழுக்களின் சிதறலையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுக்கிறது. அதில் 16 பேரின் அமைதியான மதிப்பெண்கள் 4 பேரின் கொந்தளிப்பை மறைத்துவிடுகின்றன. ரோபஸ்ட் முறை ஒவ்வொருவரின் எச்சத்தையும் அவரவர் இடத்திலேயே வைத்துக் கணக்கிடுகிறது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நால்வரில் ஒருவரின் மதிப்பெண் அவர் குழுவின் சராசரியைத் தன் பக்கம் இழுக்கிறது. அதனால் அவருடைய எச்சம் உள்ளதைவிடச் சின்னதாகத் தெரியும். இந்த இழுவிசைக்கு லெவரேஜ் என்று பெயர், இங்கே அது 1/4. HC3 இந்த நால்வரின் எச்சத்தையும் 3/4-ஆல் வகுத்து அந்தச் சுருக்கத்தை ஈடுகட்டுகிறது, கொஞ்சம் தாராளமாகவே. இதே தரவில் மற்ற ரோபஸ்ட் வகைகளான HC1 தருவது 2.37, HC2 தருவது 2.58.

ஆகவே 'ரோபஸ்ட் பயன்படுத்தினேன்' என்று மட்டும் எழுதும் ஆய்வேட்டை ஏற்காதீர்கள். ஸ்டேட்டாவில் `robust` என்று போட்டால் வருவது HC1. R-இல் `vcovHC` தானாகத் தருவது HC3. சோதனையிலும் இதே கதைதான். R-இன் `bptest` எதுவும் சொல்லாவிட்டால் 1981-இல் கோயன்கர் திருத்திய வடிவத்தை ஓட்டும். ஸ்டேட்டாவின் `estat hettest` பிழைகள் இயல்நிலைப் பரவல் கொண்டவை என்று கருதும் 1979-இன் மூல வடிவத்தை ஓட்டும். மென்பொருளை மாற்றினால் p மாறும். அப்புறம் உங்கள் விதிப்படி திட்டப்பிழையும் மாறும்!

```r
library(lmtest); library(sandwich)
m <- lm(y ~ x)
bptest(m, studentize = FALSE)
coeftest(m, vcov = vcovHC(m, type = "HC3"))
```

சரி, சோதனையே வேண்டாமா? வேண்டும், வேறு வேலைக்கு. பெரிய மாதிரியில் சிதறல் சமம் என்பதை அது பலமாக மறுத்தால், ரெக்ரஷன் சமன்பாட்டிலேயே ஏதோ விடுபட்டிருக்கலாம்: வளைந்த உறவை நேர்கோடாகப் போட்டிருக்கலாம், மடக்கை எடுக்க வேண்டிய மாறியை அப்படியே விட்டிருக்கலாம். அப்போது எச்சங்களின் வரைபடத்தைக் கேளுங்கள். ரோபஸ்ட் முறை திட்டப்பிழையைத்தான் திருத்தும், தவறான கோட்டை நிமிர்த்தாது. ஒரே பள்ளியின் மாணவர்கள்போல எச்சங்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருந்தால் HC3-யும் உதவாது. அதற்குக் குழுவாரியான திட்டப்பிழை வேண்டும்.

என் கணக்கிலும் ஒரு குறை உண்டு. நான்கு பேரின் சிதறலை நான்கு பேரை வைத்தே மதிப்பிடுகிறோம். வெல்ச் முறைப்படி பார்த்தால் கட்டின்மைக் கூறுகள் 18 இல்லை, சுமார் 3.4 மட்டுமே, அதனால் t-யின் எல்லை 2.10-இலிருந்து 3-க்கு அருகே போய்விடும். இவ்வளவு சின்னக் குழு என்றால் அதையும் ஆய்வாளரிடம் கேளுங்கள்.

நான் கேட்கும் மாற்றம் இது. மாதிரி 250-க்குள் இருந்தால் சோதனையின் முடிவு எதுவானாலும் HC3-ஐ அட்டவணையில் போடச் சொல்லுங்கள்; லாங்கும் எர்வினும் 2000-இல் உருவகப்படுத்திப் பார்த்துச் சொன்ன பரிந்துரையும் இதுவே. எந்த HC என்பதை அட்டவணையின் அடியில் எழுதச் சொல்லுங்கள். வழக்கமான திட்டப்பிழையைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது. இரண்டும் வெகுவாக விலகினால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியை அங்கிருந்தே கேட்கலாம்.

இப்படிக்கு,
ஆய்வேடுகளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் ஒருவர்