தீபாவளிப் பரிசுப் பெட்டி பற்றி எமது ஊர்ச் சனசமூக நிலைய நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாக சபை உறுப்பினர்களுக்கும், இதற்கென்று ஒவ்வொரு வருடமும் காசு அனுப்பும் வெளிநாட்டு உறவுகளுக்கும் வணக்கம்.

இந்த வருடம் தீபாவளி 2026 நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. எழுபது வயது கடந்த எங்கள் ஊரவருக்குப் பரிசுப் பெட்டி கொடுப்பதற்கான பேச்சு இப்போதே தொடங்கிவிட்டது என்று அறிந்தேன். கடைக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்னர் இந்த மடலை ஒருமுறை வாசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். உணவுப் பொதிகளின் திகதி பார்ப்பதும் பண்டங்களை மணந்து பார்ப்பதுமே என் தொழிலாக இருந்தது.

கடந்த தீபாவளி முடிந்து மூன்று கிழமையின் பின் எங்கள் ஒழுங்கையில் தனியாக இருக்கும் ஓர் ஆச்சி என்னைக் கூப்பிட்டு அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினார். மேலே மினுமினுக்கும் தாள், சிவப்பு நாடா, உள்ளே தங்க நிறத் தட்டு. தட்டின் குழிகளில் பூந்தி லட்டு, மஸ்கற், முறுக்கு, கஜு, பேரீச்சம்பழம் எல்லாம் மூடியில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முறுக்கை முறித்தால் சத்தமே வரவில்லை, ரப்பர் மாதிரி வளைந்தது. லட்டின் அடியில் வெள்ளையாகப் பூஞ்சணம். கஜுவை வாயில் போட்டதும் பழைய எண்ணெய் மணம் அடித்துத் தொண்டை காறியது. “பிள்ளையள் பாசமாய் அனுப்பினது, எறிய மனமில்லை தம்பி” என்றார். அவருக்கு இருபது வருடமாகச் சீனி வருத்தம். அந்தப் பெட்டியில் அவர் சாப்பிடக்கூடியதாக இருந்தது கஜு மட்டும்தான். அதுவும் பழுதாகிவிட்டிருந்தது.

ஆச்சி ஏன் மூன்று கிழமை திறக்காமல் வைத்திருந்தார் என்பதை நீங்கள் யோசிக்க வேண்டும். எங்கள் வயோதிபர்கள் நல்ல பண்டம் கிடைத்தால் உடனே சாப்பிடுவதில்லை. யாராவது பிள்ளைகள் வருவார்கள், அவர்களுக்குக் கொடுக்கலாம் என்று சாமி அறையில் பொத்தி வைத்துவிடுவார்கள். ஆகவே பெட்டி தீபாவளி வரை தாங்குமா என்று பார்த்தால் போதாது. கொடுத்த பின்னரும் மூன்று கிழமை தாங்குமா என்றே பார்க்க வேண்டும். அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குள். அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் உப்பே தண்ணீராய்க் கசியும்.

அந்தப் பெட்டிக்குள் நடந்தது இதுதான். லட்டு, மஸ்கற், பேரீச்சம்பழம் ஆகியவற்றில் ஈரம் உண்டு. முறுக்கிலும் கஜுவிலும் ஈரம் மிகக் குறைவு. இரண்டையும் ஒரே காற்றில் அடைத்தால் ஈரம் உள்ள இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குப் போகும். முறுக்கு அந்த ஈரத்தைக் குடித்து நமத்துவிடும். கஜுவில் பாதிக்கு அண்மையாக எண்ணெய். தட்டில் திறந்தபடி கிடந்தால் காற்றும் வெளிச்சமும் பட்டு அந்த எண்ணெய் கெடும். மேலே சுற்றிய தாள் தூசியை மறிக்குமே தவிர ஈரத்தையோ காற்றையோ மறிக்காது. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த காலாவதித் திகதியும் கடைக்காரர் பொதி செய்த நாளிலிருந்து எண்ணி ஒட்டியது. கஜு எப்போது வறுக்கப்பட்டது, லட்டு எப்போது பிடிக்கப்பட்டது என்று அதில் இல்லை. சில்லறையாக வாங்கிய பண்டத்தை மறுபடி பொதி செய்யும்போது இப்படித்தான் நடக்கும்.

விலையையும் பார்ப்போம். பெட்டி ஒன்றுக்கு 3,600 ரூபா கொடுத்ததாகக் கணக்கறிக்கையில் இருந்தது. ஆச்சியின் பெட்டியில் இருந்த பண்டங்களை மட்டும் எடுத்துத் தராசில் வைத்தேன். 600 கிராம். அதாவது 100 கிராமுக்கு 600 ரூபா. அதில் அரைவாசிக்கு மேல் லட்டும் மஸ்கற்றும். சீனியும் கடலை மாவும் கோதுமை மாவும் சேர்ந்த பண்டத்துக்குக் கஜுவின் விலையைக் கட்டியிருக்கிறோம். மீதி தாளுக்கும் தட்டுக்கும் நாடாவுக்கும் போயிருக்கிறது. எந்தப் பெட்டியைத் தெரிவதானாலும் உள்ளிருக்கும் பண்டத்தின் நிறையைத் தனித்தனியாக எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

இப்போது உடல்நலம். சென்ற கூட்டத்தில் ஒருவர், “அப்ப இனிப்பை விட்டிட்டுப் பேரீச்சம்பழமும் பிளம்ஸும் தேனும் பனங்கட்டியும் குடுப்பம், அது இயற்கை” என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் சீனி வருத்தக்காரருக்கு அது உதவாது. பேரீச்சம்பழத்தின் நிறையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சீனி. உலர்ந்த திராட்சையான பிளம்ஸும் கிட்டத்தட்ட அப்படியே. சாதாரணச் சிறிய பேரீச்சம்பழம் ஒன்றில் 5 கிராம் அளவில் சீனி இருக்கும், அது ஒரு தேக்கரண்டி. கதைத்துக்கொண்டே ஏழு பழம் சாப்பிட்டால் ஏழு தேக்கரண்டி. நார்ச்சத்து இருப்பதால் வெறும் சீனியைவிடச் சற்று மெதுவாக ஏறும், ஆனால் ஏறும். பனங்கட்டியும் தேனும் சீனியேதான். ஒன்றிரண்டு பழம் சாப்பிடுவதில் பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் இல்லை. அரைக் கிலோப் பொதியை வீட்டில் கொண்டுபோய் வைத்தால் அது ஒன்றிரண்டோடு நிற்காது.

சிறுநீரக வருத்தக்காரரின் நிலை இதைவிடக் கவனமானது. கிளினிக்கில் அவர்களில் பலருக்கு இளநீரையும் வாழைப்பழத்தையும் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். காரணம் பொட்டாசியம். பழுதான சிறுநீரகத்தால் அதைப் போதியளவு வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் கூடினால் இதயத் துடிப்பையே குழப்பும். பழத்தை உலர்த்தும்போது தண்ணீர் போகும், பொட்டாசியம் அப்படியே இருக்கும். ஒரு பிடி பிளம்ஸில் சேரும் அளவு ஒரு பிடி பச்சைத் திராட்சையில் இருப்பதைவிடப் பல மடங்கு. கஜுவிலும் பாதாமிலும் கச்சானிலும்கூட அது கணிசமாக உண்டு. ஆகவே ‘ஆரோக்கியப் பெட்டி’ என்று விற்கும் உலர்பழப் பெட்டி இவர்களுக்கே கூடாதது. இவர்களுக்கு உணவுப் பெட்டி கொடுக்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். அதே பெறுமதியில் நல்ல வேட்டியோ சேலையோ கொடுங்கள்.

அதனால் எல்லோருக்கும் ஒரே பெட்டி என்ற வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒக்டோபரில் பெயர்ப்பட்டியல் எடுக்கப் போகும் பிள்ளைகள் வாசலில் நின்று கேட்காமல், உள்ளே போய் இருந்து, “அம்மா, சீனிக்கு மருந்து போடுறியளோ? கிட்னிக்கெண்டு சாப்பாட்டில ஏதும் தவிர்க்கச் சொன்னவையோ?” என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். பதிலைச் செயலாளரின் கொப்பியில் மட்டும் எழுதுங்கள். பெட்டியின் மேல் ‘நீரிழிவு’ என்று ஒட்டி மண்டபத்தில் வைத்துக் கூப்பிட வேண்டாம். வேறு நிற நூல் கட்டினால் கொண்டுபோகிறவருக்கு விளங்கும்.

பொதுப் பெட்டிக்கு நான் சொல்வது: பயற்றம் பணியாரம் பத்து, முறுக்கு 200 கிராம், பேரீச்சம்பழம் 200 கிராம், கஜு 100 கிராம். சீனி வருத்தக்காரரின் பெட்டிக்கு: வறுத்த கச்சான் 200 கிராம், உப்புப் போடாத கஜு 150 கிராம், பருத்தித்துறை வடை 100 கிராம், தனிச் சிறு பொதியில் பயற்றம் பணியாரம் மூன்று. தீபாவளிக்கு இனிப்பே இல்லாத பெட்டி மனதை நோகச் செய்யும் என்பதால் அந்த மூன்றையும் எடுக்க எனக்கு மனமில்லை. வடையும் அரிசி, கோதுமை மாப் பண்டந்தான் என்பதால் அளவைக் கூட்ட வேண்டாம். பல்லில்லாதவர்களுக்குக் கச்சானுக்குப் பதிலாகக் கஜு.

லட்டு, மஸ்கற், பால் சேர்த்த எந்தப் பண்டமும் வேண்டாம். பால் பண்டம் இரண்டு மூன்று நாளைக்கு மேல் வெளியில் நிற்காது. பயற்றம் பணியாரம் வெளிநாட்டுக்கே பார்சலில் போகிற பண்டம். அதன் பலவீனம் தேங்காய்ப்பூ ஒன்றுதான். தேங்காய்ப்பூவைப் பொன்னிறமாக வந்து கையில் எடுத்தால் சரசரக்கும்வரை வறுக்க வேண்டும். அரைகுறையாக வறுத்தால் ஒரு கிழமைக்குள் புளித்த மணம் வரும். எங்கள் ஊரிலேயே இதைச் செய்து விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கொடுத்தால் செய்த நாளை நாமே கண்ணால் பார்க்கலாம், தாளுக்கும் தட்டுக்கும் போகும் காசும் ஊருக்குள் நிற்கும்.

கச்சானை வாங்கும்போது சுருங்கியதையும் கறுத்ததையும் பூஞ்சணம் பட்டதையும் வறுக்குமுன் பொறுக்கி எறியச் சொல்லுங்கள். பூஞ்சணத்திலிருந்து வரும் அஃபிளாடொக்சின் என்ற நஞ்சு ஈரலைப் பாதிக்கும். வறுப்பதால் அது முழுதாக நீங்காது.

பொதி செய்வதில் ஒரேயொரு கட்டாயம்: ஒவ்வொரு பண்டமும் தனித்தனித் தடித்த பொலித்தீன் பையில், வாய் சூட்டில் ஒட்டப்பட்டு, செய்த திகதி பேனையால் எழுதப்பட்டு இருக்க வேண்டும். முறுக்கும் பணியாரமும் முழுதாக ஆறிய பின்பே பையில் போக வேண்டும். இளஞ்சூட்டில் அடைத்தால் உள்ளே நீராவி படியும், பூஞ்சணம் அங்கிருந்துதான் தொடங்கும். வெளிப் பெட்டி சாதாரண மட்டைப் பெட்டியாக இருந்தால் போதும்.

பணியாரத்தை நவம்பர் 3, 4 இலும் முறுக்கு, வடையை 5 இலும் செய்வித்து, 6 இல் பொதி செய்து, 7 இல் வீடு வீடாகக் கொடுக்கலாம். கொடுக்கும் பிள்ளைகள் முறுக்குப் பையை அங்கேயே வெட்டித் தட்டில் கொட்டி, அவர்களோடு இருந்து ஒன்றைக் கடித்துவிட்டு வந்தால், பெட்டி சாமி அறைக்குப் போகாது.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி கேட்கிறேன். கடைகளிலிருந்து மாதிரிப் பெட்டி வந்தால் எடுத்து வையுங்கள். தராசுடன் வருகிறேன்.

அன்புடன்,
ஊரிலுள்ள ஓய்வுபெற்ற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்
வலிகாமம், யாழ்ப்பாணம்