தறி நின்ற மூன்று மணி நேரம்: எங்கள் ஆண்டு விழாவுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கமுங்க.

வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளி ஆண்டு விழா. சாயங்காலம் ஐந்து மணிக்கு, வாடகைக்குச் சொல்லியிருந்த ஒலிபெருக்கி செட் எங்களைக் கைவிட்டது ஊருக்கே தெரியும். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. விழா நடந்தது. மேடை ஏற வேண்டிய ஒரு பிள்ளைகூட ஏறாமல் வீட்டுக்குப் போகவில்லை. இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அன்று இரவு பதினொன்றரை மணிக்கு, விழாப் படங்களோடு அவசரமாக ஒரு நன்றிக் குறிப்புப் போட்டேன். சனிக்கிழமை காலையில் படித்துப் பார்த்தபோது அதில் மூன்று தவறுகள் இருந்தன. ஒன்று ஒருவர் போன் செய்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் குறிப்பை எடுத்துவிட்டேன். இனி இதுதான் சரியான நன்றி. உதவியவர்களின் பெயர்கள், பெயரைப் போட ஒத்துக்கொண்டவர்களுடையது மட்டும், பள்ளி அறிவிப்புப் பலகையில் அகர வரிசையில் இருக்கின்றன. இங்கே யார் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்குடோன். நடுவில் ஒரு வண்டித் தடம்தான். பல்லடம் பக்கத்து ஊர்களில் இது ஒன்றும் புதிதில்லை. காலையில் பெல் அடிக்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் தறி, மாலை பெல் அடிக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பாடம் நடத்துவோம். எங்கள் பிள்ளைகள் சத்தமாகப் பேசுவதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சண்டை போடுகிறார்கள் என்று நினைப்பார்கள். தறியை மீறிப் பேசிப் பழகிய குரல் அது.

வெள்ளிக்கிழமை எங்களிடம் கடைசியில் மிஞ்சியது, கோயில் கமிட்டியிடம் கேட்டு வாங்கிய பழைய ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெட்டிகளும்தான். மைக் பிடித்துப் பேசினால் மூன்றாவது வரிசை வரைக்கும் கேட்டது. அதற்குப் பின்னால் தறிச் சத்தம் மட்டும். முதல் நிகழ்ச்சியே மூன்றாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி பத்துக் குறள் சொல்வது. அவளுக்கு மெல்லிய குரல். மேடைக்குப் பின்னால் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படி இவளை அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆறு இருபது இருக்கும். திடீரென்று எல்லாம் அமைதியாகிவிட்டது. கரண்ட் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் மேடையில் ட்யூப்லைட் எரிகிறது. தறிதான் நின்றிருக்கிறது. இருபத்து நாலு தறியும்.

ஓடிப் போய்ப் பார்த்தேன். குடோன்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தலையிலும் புருவத்திலும் பஞ்சு. "ஏனுங்க, எங்களுக்காகவா நிறுத்தினீங்க?" என்று கேட்டேன். "நீங்க நடத்துங் டீச்சர். பிள்ளைக பேசறது கேக்க மாட்டீங்குது. முடிஞ்சதும் ஒரு ஆள் அனுப்புங், ஓட்டிக்கறோம்" என்றார். அவ்வளவுதான். நாங்கள் யாரும் கேட்கவில்லை. அழைப்பிதழில் அவர் பெயர் இல்லை, பேனரில் இல்லை. நன்கொடைக்குக்கூட அவரிடம் போனதில்லை, தறி இருக்கிற நிலைமையில் அவரிடம் கேட்க மனம் வரவில்லை.

அந்தப் பாப்பா பத்துக் குறளும் சொன்னாள். வேப்பமரத்தடியில் நின்றவர்களுக்கும் கேட்டது.

தறியை மூன்று மணி நேரம் நிறுத்துவது என்றால் என்ன என்று வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர் கூலிக்கு நெய்பவர். பாவும் ஊடை நூலும் உற்பத்தியாளரிடமிருந்து வரும், நெய்து கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. தறி ஓடினால்தான் காசு. துணியின் தரத்துக்குத் தக்க மாறும் என்றாலும், அவர் ஓட்டுகிற ரகத்துக்கு ஒரு தறி மணிக்கு மூன்று மீட்டர் என்று வைத்துக்கொண்டாலே, இருபத்து நாலு தறி, மூன்று மணி நேரம், 216 மீட்டர் ஆகிறது. நெசவுக்கு நடுவில் நிறுத்தி மறுபடி ஓட்டினால், நிறுத்திய இடத்தில் துணியில் கோடு விழ வாய்ப்பு உண்டு. கோடு விழுந்தால் துணியைப் பார்த்து வாங்கும் இடத்தில் குறை என்று கழிப்பார்கள். இதெல்லாம் தெரிந்தும் நிறுத்தியிருக்கிறார்.

இரவு நான் போட்ட குறிப்பில் "தறி உரிமையாளருக்கு நன்றி" என்று எழுதியிருந்தேன். காலை ஏழு மணிக்கு அவரே கூப்பிட்டார். பெயர் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார், அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அது இல்லை. "டீச்சர், எம்பேரு போட்டாலும் போடாட்டியும் ஒண்ணுந்தானுங். ஆனா நிறுத்தறதுக்கு முன்னால தறி ஓட்டறவங்க நாலு பேத்துகிட்டயும் கேட்டேன். அவங்களுக்கும் மீட்டர் கணக்குத்தான் கூலி. சரின்னு அவங்க சொன்னதுக்கப்பறந்தான் நிறுத்தினேன். அவங்களை உட்டுப்போட்டு என்னய மட்டும் எழுதிருக்கீங்களே" என்றார்.

அந்த நாலு பேரில் இரண்டு பேர் எங்கள் பிள்ளைகளின் அம்மாக்கள். ஒருவர் ஏழாம் வகுப்புப் பையனின் அம்மா. மூன்று வருடமாக அவன் கும்மி ஆடுகிறான். மூன்று வருடமும் அவர் ஷிப்டில் இருந்திருக்கிறார். இந்த வருடம் பார்த்தார். கழுத்தில் துண்டோடு அப்படியே வந்து சுவரோரமாக நின்று பார்த்தார். சனிக்கிழமை வாரக் கூலி வாங்கும்போது மூன்று மணி நேரக் கூலியை யாருக்கும் குறைக்கவில்லை என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். குடோன்காரர் அதைச் சொல்லவே இல்லை. ஆக, நன்றி ஐந்து பேருக்கு. தறியை நிறுத்தியவருக்கும், கூலி வருமா என்று தெரியாமலே சரி என்று சொன்ன நாலு பேருக்கும்.

இரண்டாவது தவறு பேக்கரிக்காரர் பற்றியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் "இலவசமாக" பன்னும் மிக்சரும் தந்தார் என்று எழுதிவிட்டேன். அவர் பாதி விலைக்குத் தந்தார். மீதிப் பாதியைக் கட்டியது பெற்றோர் ஆசிரியர் கழகம். இதைப் பெரிய தவறாக முதலில் நான் நினைக்கவில்லை. அவரே சங்கடத்தோடுதான் சொன்னார்: காலையிலேயே இன்னொரு பள்ளியிலிருந்து ஆள் வந்து, அங்கே சும்மா கொடுத்தீர்களாமே என்று கேட்டிருக்கிறார்கள். நான் கூட்டி எழுதிய ஒரு வார்த்தை அவருக்குப் பாரமாகிவிட்டது. பணம் போட்ட பெற்றோர்களும் அந்த ஒரு வார்த்தையில் காணாமல் போய்விட்டார்கள். பாதி விலை என்பதே பெரிய உதவி. உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் போதும்.

மூன்றாவது, "விழாச் செலவு முழுவதையும் நன்கொடையாளர்கள் ஏற்றார்கள்" என்ற வரி. அதுவும் உண்மையில்லை. ஆண்டு விழாவுக்கென்று அரசு ஒரு தொகை தந்திருக்கிறது. சான்றிதழ்களும் பரிசுப் புத்தகங்களும் அதில்தான் வாங்கினோம். மக்கள் வரிப்பணத்தில் வாங்கியதை யாருடைய பெயரிலும் எழுதக் கூடாது, எழுதியவர் நல்ல மனதோடு எழுதியிருந்தாலும்.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்று நடனக் குழுவுக்கு 48 டி-ஷர்ட் தந்தது. முதலில் நெஞ்சில் கம்பெனி முத்திரை போட்டுத் தருவதாகத்தான் பேச்சு. பிள்ளைகள் உடம்பில் விளம்பரம் வேண்டாம், பேனரில் எல்லோருக்கும் போடுகிற அதே எழுத்தளவில் பெயர் போடுகிறோம் என்று தலைமையாசிரியர் சொன்னார். சரி என்று அன்றே வெறும் துணியாகத் தைத்து அனுப்பினார்கள். துணி கொடுத்ததற்கும், சொன்னதை ஏற்றுக்கொண்டதற்கும் நன்றி.

கோயில் கமிட்டி, பந்தல் போட்டவர்கள், ஐந்து மணிக்கு மேல் ஓடியாடிய முன்னாள் மாணவர்கள், இரவு பத்தரைக்கு நாற்காலி அடுக்கிய அப்பாமார்கள், மைதானம் கூட்டிய தூய்மைப் பணியாளர்கள், ஒத்திகைக்குப் பாய் கொடுத்த வீடுகள், பள்ளி மேலாண்மைக் குழுவினர், எல்லோரும் அந்தப் பலகையில் இருக்கிறீர்கள். ஒருவர், தன் பெயர் வேண்டாம், இறந்துபோன தன் அம்மாவின் பெயரைப் போடுங்கள் என்றார். அப்படியே போட்டிருக்கிறோம். யார் பெயராவது விட்டிருந்தால் தயவுசெய்து வந்து சொல்லுங்கள், அன்றைக்கே சேர்ப்போம்.

இந்த முறை பட்ட பாட்டில் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். உதவி வரும்போதே ஒரு நோட்டில் எழுதி வைப்பது: யார், என்ன தந்தார், இலவசமா விலை குறைத்தா, பெயரை எப்படிப் போட வேண்டும், போடவே வேண்டாமா. விழா முடிந்த இரவில் ஞாபகத்திலிருந்து எழுதினால், மேடையில் தெரிந்த முகங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் விட்டுப் போகிறார்கள்.

அடுத்த ஆண்டுக்கு எங்களுக்கு வேண்டியது முக்கியமாக ஒன்றுதான்: பள்ளிக்குச் சொந்தமாக ஒரு சிறிய ஒலிபெருக்கி செட், இரண்டு வயரில்லாத மைக்கோடு. வாடகையை நம்பி இன்னொரு முறை நிற்க முடியாது. காலை இறைவணக்கத்துக்கும் அது பயன்படும். ஒருவரே முழுவதும் தர வேண்டியதில்லை, பத்துப் பேர் சேர்ந்தும் தரலாம். தருவதாக இருந்தால் ஜூனில் பள்ளி திறக்கும்போதே சொல்லிவிடுங்கள், இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு வாங்க நேரம் இருக்கும். பணத்தைக் கையில் வாங்க மாட்டோம். பள்ளிக் கணக்கில் செலுத்தினால் ரசீது கிடைக்கும். வெளியூரில் இருப்பவர்கள், 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் வழியாகவும் பள்ளிகளுக்கு உதவலாம்.

எங்களால் தர முடிந்தது, ஒரே அளவு எழுத்தில் உங்கள் பெயரும், செலவுக் கணக்கும். தரையிலும் சுவரிலும் விளம்பரம் எழுத இடம் தர முடியாது, பிள்ளைகள் முகம் தெரியும் படங்களை விளம்பரத்துக்குத் தர முடியாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாருக்கும் மனக்கசப்பு வரக் கூடாது. பணம் இல்லாதவர்கள் நேரம் தரலாம். ஒத்திகை நடக்கும் மூன்று வாரமும் மாலையில் பிள்ளைகளை வீடு வரை கூட்டிப்போக ஆள் வேண்டும்.

அடுத்த ஆண்டு தேதி குறித்ததும், அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்பே அந்தத் தறிக்குடோனுக்குப் போவேன். நாலு பேரிடமும் தனித்தனியாகக் கேட்பேன். கூலி போகும் என்றால் அதை விழாச் செலவில் சேர்த்து எழுதுவோம்.

இந்த ஆண்டின் வரவு செலவு நோட்டு திங்கட்கிழமை முதல் தலைமையாசிரியர் மேசையில் இருக்கும். மாலை நாலரை வரைக்கும் யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம்ங்க.