ஒரு நாளில் முடியாத புத்தகம்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மீனாவுக்கு நல்ல இடம் அமைந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தேதி குறித்ததும் சொல், நாலு நாள் முன்னாடியே வந்துவிடுகிறோம். இங்கே சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வீட்டு மராமத்துச் செலவுதான் கட்டுக்குள் இல்லை.

காலையில் எடுத்த நாவல் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடுகிறது, நீளமாக ஏதாவது சொல் என்று கேட்டிருந்தாய். வெறும் நீளம் உனக்குப் போதாது. பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் நீ ஒரே வாரத்தில் முடித்தவன். கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார். அடுத்த இதழ் வரைக்கும் வாசகன் தவிக்க வேண்டும் என்று ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் ஒரு முடிச்சு போடுவார். அந்த முடிச்சுகள்தான் உன்னை இழுத்துக்கொண்டு ஓடின. அடுத்து என்ன என்ற கேள்வி இருக்கிற வரை, எத்தனை பாகம் போட்டாலும் உனக்குக் காணாது.

அதனால் கதை ஏற்கெனவே தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜெயமோகனின் வெண்முரசு. மகாபாரதம் முழுவதையும் 26 நாவல்களாக எழுதியிருக்கிறார். 2014 ஜனவரி 1-ல் ஆரம்பித்து, தன் இணையதளத்தில் நாளுக்கு ஓர் அத்தியாயமாக வெளியிட்டு, 2020-ல் முடித்தார். மொத்தம் இருபதாயிரம் பக்கத்துக்கு மேல். நாளுக்கு முந்நூறு பக்கம் நீ படித்தாலும் இரண்டு மாதம் தாண்டும். முடிந்துபோன தொடர் என்பது இன்னொரு நிம்மதி. ஆங்கிலத்தில் மார்ட்டினின் டிராகன் கதையை எடுத்த என் மருமகன், 2011-ல் வந்த ஐந்தாவது புத்தகத்தோடு இன்னும் காத்துக்கொண்டிருக்கிறான்.

முதல் நாவலான 'முதற்கனல்' ஒன்றை மட்டும் எடுத்துக்கொள். அம்பை கதை நமக்கு மனப்பாடம். பீஷ்மர் தூக்கி வருகிறார், சால்வன் மறுக்கிறான், பீஷ்மரும் மறுக்கிறார். உன் கண் இந்த மூன்றையும் அடையாளம் கண்டுகொண்டு தாவப் பார்க்கும். ஆனால் விஷயம் நடுவில்தான் இருக்கிறது. அவளைப் படகில் ஏற்றிச் செல்லும் நிருதன் என்ற படகோட்டி ஒருவன் வருகிறான். போகிற இடத்திலெல்லாம் கதவு மூடுகிறது, அவன் கூடவே நிற்கிறான். பிறகு அவள் பீஷ்மர் முன்னால் வரும்போது கோபத்தோடு வரவில்லை, பெண்ணாக, தன் மனதைச் சொல்ல வருகிறாள். மறுப்பு வார்த்தைக்கு வார்த்தை நீள, அவள் அங்கேயே வேறு ஒருத்தியாக மாறுகிறாள். அதற்கப்புறம் சிகண்டி எங்கிருந்து வந்தான் என்பதையும் நாம் கேட்டிராத விதமாகச் சொல்கிறார். முடிவு தெரிந்திருப்பது இங்கே உதவவே செய்கிறது. என்ன நடக்கும் என்று தேட வேண்டியதில்லை, அவள் எந்த நொடியில் திரும்புகிறாள் என்பதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இரண்டு இடத்தில் நீ மாட்டுவாய். ஒன்று, மொழி. பேச்சிலும் வர்ணனையிலும் தனித்தமிழ்ச் சொற்கள் நிறைய. முதல் நூறு பக்கம் கல்லும் முள்ளும்தான், அப்புறம் காது பழகிவிடும். பேர்களும் அப்படித்தான். ஒரே ஆளை நாலைந்து பேரால் கூப்பிடுவார்கள். இவர் யார் என்று ஒரு பக்கத்தில் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தால், நீ படிக்கவில்லை, ஓட்டிக்கொண்டிருக்கிறாய் என்று அர்த்தம். உடனே மூடி வைத்துவிடு.

இன்னொன்று நாலாவது நாவல் 'நீலம்'. ராதையும் கண்ணனும். கதை என்று பார்த்தால் அதிகம் நகராது, முழுக்கக் கவிதை போல ஓடும் உரைநடை. நிறைய பேர் இங்கேதான் தொடரை நிறுத்திவிடுகிறார்கள். இதை வரிசையில் படிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. தாண்டிப் போய்விட்டு, பிறகு ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் வாய்விட்டுப் படி. வேகமாக வாசித்தால் அதில் ஒன்றுமே மிஞ்சாது.

அதற்கு முந்தைய 'வண்ணக்கடல்' உனக்குப் பிடிக்கும் என்று பந்தயமே கட்டுவேன். இளநாகன் என்று ஒரு தமிழ்ப் பாணன் தெற்கிலிருந்து அஸ்தினபுரி நோக்கி ஊர் ஊராக நடந்து போகிறான். அவன் போகிற வழியிலும், துரோணர், கர்ணன், ஏகலவ்யன் கதைகளிலும் மாறி மாறி நாவல் நகர்கிறது. நேராகப் போர் வேண்டும் என்று அடம்பிடித்துப் பதினெட்டாவது நாவலான 'செந்நா வேங்கை'யில் தொடங்கிவிடாதே. களத்தில் விழுகிறவர்கள் எல்லோரும் உனக்கு வெறும் பேராகவே இருப்பார்கள்.

முதல் மூன்று தொகுதியும் என்னிடம் இருக்கிறது. அடுத்த வாரம் பெரியவன் உங்கள் ஊர்ப் பக்கம் வருகிறான், கொடுத்து அனுப்புகிறேன். பக்க ஓரத்தில் பென்சிலில் நான் கிறுக்கியிருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. சாந்திக்கும் மீனாவுக்கும் என் அன்பு.

உன்,
ரங்கராஜன்