கொலு பொம்மைகளைக் கூரியரில் அனுப்பும் கடைக்காரர்களுக்கு ஒரு மடல்

வணக்கம். போன வருடம் குழலூதும் மண் கிருஷ்ணர் பொம்மை ஒன்றை வரவழைத்தேன். பெட்டியைத் தூக்கியதுமே உள்ளே ஏதோ உருண்டது. பிரித்துப் பார்த்தால், கசக்கிப் போட்ட செய்தித்தாள் எல்லாம் அடியில் சப்பையாகக் கிடக்க, கிருஷ்ணர் ஒரு மூலையில் தலையை முட்டிக்கொண்டு படுத்திருந்தார். முழங்கை போய்விட்டது.

புகார் சொன்னதும் கடைக்காரர் வேறொன்று அனுப்பினார். இந்த முறை இண்டு இடுக்கெல்லாம் தாளைத் திணித்திருந்தார். பெட்டி பூரி மாதிரி உப்பியிருந்தது. பொம்மை அசையவே இல்லை, ஆனால் குழல் மட்டும் இரண்டு துண்டு. கைக்கும் குழலுக்கும் நடுவே இறுக்கி வைத்த தாள் உருண்டையே நெம்புகோலாகிவிட்டது. பெட்டி உப்பினால் மேலே அடுக்குகிற பாரத்தைப் பக்கச் சுவர்கள் தாங்குவதில்லை, அது நேரே பொம்மைமேல் இறங்குகிறது.

அப்போ எவ்வளவுதான் வைப்பது? அந்தக் கிருஷ்ணரையே எடுத்துக்கொள்வோம். உயரம் 30 செ.மீ., அகலம் 15, கனம் 12. முதலில் கை, கழுத்துப் பள்ளங்களில் மெல்லிய தாளைத் தளர்வாக வைத்துவிட்டு, குமிழ் உறையைச் சுற்றுங்கள். இப்போது 32, 17, 14 ஆகும். எல்லாப் பக்கமும் 5 செ.மீ. இடைவெளி விட்டால் 42, 27, 24 செ.மீ. பெட்டி போதும். நிரப்ப வேண்டிய காலியிடம் சுமார் 20 லிட்டர், அதாவது ஒரு தண்ணீர் கேன் அளவு.

கையில் இருக்கிறதே என்று 60, 40, 40 பெட்டியை எடுத்தால் காலியிடம் நாலு கேனுக்கும் மேல். அதை யாரும் ஒழுங்காக நிரப்புவதில்லை. செலவும் கூடும்: பல கூரியர்காரர்கள் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுத்துத்தான் எடை போடுகிறார்கள். சின்னப் பெட்டிக்கு 5.4 கிலோ, பெரியதற்கு 19.2 கிலோ. பொம்மையின் எடை என்னவோ இரண்டு கிலோதான்!

அடியில் தாளைச் சற்று அழுத்திப் பரப்புங்கள், பொம்மையின் பாரம் முழுக்க அங்கேதான் விழும். நடுவில் நிறுத்திச் சுற்றிலும் நிரப்பியபின் பெட்டியைத் தரையில் இரண்டு தட்டு தட்டுங்கள். தாள் கொஞ்சம் இறங்கும், லாரியில் இறங்க வேண்டியது இங்கேயே இறங்கட்டும். அப்புறம் விளிம்புக்கு மேல் ஒரு விரல் கனம் நிற்கிற மாதிரி நிரப்புங்கள். மூடியை உள்ளங்கையால் லேசாக அழுத்தினால் படிய வேண்டும். முழங்காலை வைத்து அழுத்த வேண்டியிருந்தால் ஒரு பிடி தாளை எடுத்துவிடுங்கள். தெர்மகோல் மணி மட்டும் வேண்டாம், கனமான பொம்மை வழியெல்லாம் அதற்குள் புதைந்துகொண்டே அடிக்குப் போய்விடும்.

இந்த வருடம் தசாவதார செட் கேட்டிருக்கிறேன். டேப் ஒட்டுமுன் காதோரம் வைத்து ஒரு தடவை ஆட்டிப் பாருங்கள். பரசுராமர் கோடரியோடு வந்து சேர வேண்டும்.