ரிப்போர்ட்டின் கடைசி வரி

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நேற்று ராத்திரி பார்த்தேன். "மொத்தக் கொலஸ்ட்ரால் 4.9, ஐந்துக்குக் கீழேதான், நார்மல்" என்று எழுதியிருந்தாய். முப்பது வருஷம் லேப்பில் உட்கார்ந்தவன் முதல் வரியோடு நிறுத்துவேனா? கீழே எச்டிஎல், அதாவது நல்ல கொலஸ்ட்ரால், 0.83 என்று இருக்கிறது. டிரைகிளிசரைடு என்கிற கொழுப்பு 2.4. கடைசி வரியில் மொத்தத்துக்கும் எச்டிஎல்லுக்கும் உள்ள ரேஷியோ 5.9.

லண்டனில் மில்லிமோலில் போடுகிறார்கள். எனக்குப் பழகியது மில்லிகிராம். 38.7-ஆல் பெருக்கினால் உன் மொத்தம் சுமார் 190, எச்டிஎல் 32. ரேஷியோவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. எந்த அளவில் போட்டாலும் அதே 5.9தான் வரும்.

மொத்தம் என்ற எண்ணுக்குள் எச்டிஎல் என்கிற நல்லதும் எல்டிஎல் போன்ற கெட்டதும் சேர்ந்தே கிடக்கும். உன் அம்மாவுக்குப் போன மாதம் எடுத்ததில் மொத்தம் 232. லேப்காரர் தடித்த எழுத்தில் அடித்துத் தந்திருந்தார், அவளுக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. ஆனால் அவளுடைய எச்டிஎல் 68. வகுத்துப் பார், 3.4. அதாவது அவளுக்கு ஒரு பங்கு எச்டிஎல்லுக்கு மற்ற கொலஸ்ட்ரால் எல்லாம் சேர்ந்து 2.4 பங்கு. உனக்கு ஒரு பங்குக்கு 4.9 பங்கு. மொத்தத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அவள் பயப்பட வேண்டியவள், நீ நிம்மதியாக இருக்க வேண்டியவன். ரேஷியோ அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது.

உங்கள் ஊரில் ஆறுக்குக் கீழே இருந்தால் போதும் என்கிறார்கள், அதனால் 5.9-ஐ யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். இங்கே பல லேப்களில் நாலரை, ஐந்து என்று கோடு போட்டிருப்பார்கள். கோட்டை விடு. எச்டிஎல் குறைந்து டிரைகிளிசரைடு ஏறியிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நம் பக்கத்து ஆட்களிடம் அடிக்கடி பார்க்கிற ஜோடி இது. கை கால் ஒல்லியாகவே இருக்கும், வயிறு மட்டும் முன்னால் வரும், பின்னாலேயே சர்க்கரை வரும். உன் எல்டிஎல் கணக்குப்படி 3.0தான், பார்க்கச் சாதுவாக இருக்கிறது. ஆனால் டிரைகிளிசரைடு ஏறியவர்களுக்கு எல்டிஎல் துகள்கள் சின்னச் சின்னதாக, எண்ணிக்கையில் கூடுதலாக இருக்கும். ஒவ்வொரு துகளிலும் கொலஸ்ட்ரால் கொஞ்சமாக இருப்பதால் எல்டிஎல் எண் அதைக் காட்டாது. ரேஷியோ அங்கேதான் உதவுகிறது.

அதற்காக இதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதே. அம்மாவின் 3.4-ஐப் பார்த்து நான் சந்தோஷப்பட்டுக்கொண்டு இருந்துவிடவில்லை. அவளுடைய எல்டிஎல் 146. எச்டிஎல் பெரிதாக இருந்தால் வகுத்தலில் அது மறைந்துபோகும். மாத்திரை வேண்டுமா, எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதையெல்லாம் டாக்டர்கள் எல்டிஎல்லையோ, மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழித்து வருவதையோ வைத்துத்தான் பார்க்கிறார்கள். எச்டிஎல்லை மருந்தால் ஏற்றி ரேஷியோவை அழகாக்கிவிடலாம் என்று பெரிய பெரிய சோதனைகள் நடத்தினார்கள். எண் ஏறியது, மாரடைப்பு குறையவில்லை.

இன்னொன்று. கீழே இருக்கிற எண் சின்னது என்பதால் கொஞ்சம் அசைந்தாலும் ரேஷியோ துள்ளும். உன் எச்டிஎல் 0.83-க்குப் பதில் 0.93 என்று வந்திருந்தால் ரேஷியோ 5.3 ஆகியிருக்கும். இவ்வளவு வித்தியாசம் ஒரே ஆளுக்கு இரண்டு தடவை எடுத்தாலே வரலாம். அதோடு, ரத்தம் கொடுத்த வாரம் காய்ச்சலில் படுத்திருந்தேன் என்றாயே. காய்ச்சலில் எச்டிஎல்லும் இறங்கும், மொத்தமும் இறங்கும். அந்த 4.9-ஐயே நான் முழுசாக நம்பவில்லை.

உடம்பு தேறி ஒரு மாதம், ஒன்றரை மாதம் போகட்டும், மறுபடியும் எடு. மொத்தத்துக்கும் எச்டிஎல்லுக்கும் பட்டினி கிடக்கத் தேவையில்லை. டிரைகிளிசரைடுதான் சாப்பாட்டில் ஆடும், அதனால் இந்தத் தடவை வெறும் வயிற்றில் கொடு. கூடவே மூன்று மாதச் சர்க்கரை சராசரியையும் பார்க்கச் சொல். அங்கே டாக்டர் பத்து வருஷத்து இதய ஆபத்தைக் கணக்கிடும்போது இதே ரேஷியோவைத்தான் போடுவார். உன் வயதுக்குச் சின்ன சதவீதமாகத்தான் வரும், அதைப் பார்த்து எனக்கு உடனே போன் போடாதே. பெரியப்பாவுக்கு 48 வயதில் நெஞ்சு வலி வந்ததை மட்டும் மறக்காமல் டாக்டரிடம் சொல்.

அப்புறம், தொப்புள் மட்டத்தில் டேப்பைச் சுற்றி, வயிற்றை எக்காமல், எத்தனை சென்டிமீட்டர் என்று எனக்கு அனுப்பு. பேண்ட் சைஸைச் சொல்லி ஏமாற்றாதே.

அப்பா