ஒன்றரை ஷிப்டும் ஆறு ரூபாயும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆடித் தள்ளுபடியை ஒட்டி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 200 ரூபாய் டி-சர்ட் வாங்குகிறவர் தைத்தவரின் வயிற்றில் அடிக்கிறார், கொஞ்சம் விலை கூடியதை வாங்கினால் அந்தப் பாவம் இல்லை என்று அதில் இருந்தது. முதல் பாதியில் உண்மை இருக்கிறது. இரண்டாவது பாதியை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் டைம் ஆபீசில் 11 வருடம் வருகைப் பதிவு எழுதியவள் நான்.

ஏற்றுமதிச் சட்டைக்கு விலைச் சீட்டைப் பல நேரம் எங்கள் பேக்கிங் பிரிவிலேயே கட்டிவிடுவோம். திங்கட்கிழமை ஒரு மலிவுக் கடைக்குத் தைத்த அதே தையல் லைன், வியாழக்கிழமை மூன்று மடங்கு விலையுள்ள பிராண்டுக்குத் தைக்கும். அதே டெய்லர்கள், அதே ஓவர்லாக் மிஷின், அதே கூலி. துணியின் தரம் மாறும். சனிக்கிழமை சம்பளக் கவர் மாறாது.

கூலி எங்கே குறைகிறது என்று சொல்கிறேன். திருப்பூரில் யாரிடம் கேட்டாலும் "ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறேன்" என்பார்கள். காலை எட்டரைக்கு உள்ளே போய், 8 மணி நேரம் முடிந்த பிறகு இன்னும் 4 மணி நேரம் இருப்பது அது. பேரிலேயே விஷயம் இருக்கிறது. அந்த 4 மணி நேரத்தை அரை ஷிப்டாகக் கணக்குப் போட்டு அரைக் கூலி தருகிறார்கள். கூடுதல் நேரத்துக்கு இரு மடங்கு கூலி என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதியிருந்தது.

ஷிப்டுக்கு 480 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60. மாலை 4 மணி நேரத்துக்கு இரு மடங்கு என்றால் 480 தர வேண்டும், தருவதோ 240. ஆளுக்கு 240 ரூபாய் குறைவு. 30 பேர் கொண்ட லைனுக்கு அன்றைக்கு 7,200. அந்த லைன் ஒரு நாளில் 1,200 சாதாரண டி-சர்ட் முடித்தால், ஒரு சட்டைக்கு 6 ரூபாய். ஷிப்ட் கூலியில் பத்து ரூபாய் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் கடையில் நீங்கள் சட்டைக்கு 500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் இந்த 6 ரூபாய் தானாக வந்து சேராது.

சரி, முதலாளி ஏன் இரவு வரை ஓட்டுகிறார்? பேராசை மட்டும் காரணமில்லை. ஆர்டர் கொடுத்த பையர் சாம்பிளுக்கு ஒப்புதல் தர இரண்டு வாரம் தாமதிப்பார். கலரை மாற்றச் சொல்வார். கப்பல் தேதி மட்டும் நகராது. தவறினால் விமானத்தில் அனுப்பும் செலவு கம்பெனி தலையில் விழும். அந்த இரண்டு வாரத்தைத்தான் டெய்லர்கள் இரவில் ஈடுகட்டுகிறார்கள்.

தணிக்கை என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். எங்களிடம் இரண்டு பதிவேடு இருந்தது. ஆடிட்டருக்குக் காட்டுவதில் எல்லோரும் மாலை ஐந்தரைக்கே வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதை எழுதியதில் என் கையும் உண்டு. பல வருடம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு முறை ஆடிட்டராக வந்த அம்மா பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, ஆட்களை ஏற்றிப் போகும் வேனின் டிரிப் ஷீட்டைக் கேட்டார். கடைசி வேன் இரவு 9.10-க்குக் கிளம்பியதாக டிரைவர் எழுதியிருந்தார். அவ்வளவுதான், குட்டு உடைந்தது. சான்றிதழை நம்புகிறவர்கள் கராச்சியை நினைத்துப் பார்க்கலாம். 2012 செப்டம்பரில் தீப்பிடித்து 250 பேருக்கு மேல் இறந்த அந்த ஆலைக்கு, சில வாரங்களுக்கு முன்புதான் சர்வதேசத் தரச் சான்று கிடைத்திருந்தது.

கட்டுரையாளர் விட்டுவிட்ட ஒன்று திண்டுக்கல் ஒப்பந்தம். ஓர் இளம் பெண் தொழிலாளி 2021-இல் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் முன்நின்ற ஒரு தொழிற்சங்கம் 2022-இல் அவர் வேலை பார்த்த கம்பெனியையும் எச் அண்ட் எம் போன்ற பிராண்டுகளையும் கையெழுத்துப் போட வைத்தது. அது பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கானது, கூலிக்கானது அல்ல. ஆனாலும் தைப்பவர்களில் சிலரே பணியிடத்தில் கண்காணிப்பாளர்கள் ஆனார்கள், பிராண்டும் சட்டப்படி கட்டுப்பட்டது. வருடத்துக்கு ஒரு தடவை வரும் ஆடிட்டர் பார்க்காததை, பக்கத்து மிஷினில் இருப்பவள் பார்ப்பாள்.

எனவே அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, எந்தக் கடையில் வாங்கலாம் என்பதோடு நிறுத்தாமல், எந்த பிராண்ட் இப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது, ஆர்டருக்கு எத்தனை நாள் தருகிறது என்பதையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் வேன் டிரைவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

முன்னாள் பனியன் கம்பெனி ஊழியை,
அவிநாசி